திங்கள்கிழமை வகுப்பில் சேரும் புதியவர்களுக்கு

நம் பயிற்சிக் காரில், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை அணைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அது உங்கள் திறமையைத் திருடாது. அவசரத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து அப்படியே வைத்திருங்கள். பெடல் காலடியில் படபடவென்று அதிரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாததால் ஸ்டியரிங் அப்போதும் உங்கள் பேச்சைக் கேட்கும். சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்சியும் அப்படியே, இருக்கட்டும்.

ரிவர்ஸ் கேமராவை மட்டும் முதல் நான்கு வகுப்புக்கு அட்டை வைத்து மறைத்துவிடுவேன். திரையையே பார்த்துப் பழகியவர்கள் கழுத்தைத் திருப்புவதில்லை. பின்னால் போகும்போது காரின் முன்மூக்கு எதிர்ப்பக்கம் வீசும், அது திரையில் தெரியாது. போன மாதம் ஒருவர் அப்படித்தான் பக்கத்துத் தூணில் உரசினார். (பெயர் சொல்லமாட்டேன், கவலை வேண்டாம்!)

அப்புறம் ஹில் ஹோல்ட். மேட்டில் பிரேக்கை விட்டதும் வண்டியை இரண்டு மூன்று நொடி பிடித்துவைக்கும், அவ்வளவுதான். அது இல்லாத வண்டியில் ஏறினால்? அதனால் கிளட்சை மெல்ல விடும்போது வண்டியை இழுக்கத் தொடங்கும், அந்தக் கடிக்கும் இடத்தை ஹேண்ட்பிரேக்கோடு பழகிய பிறகே அதைத் தொடலாம்.

சாலைக் கோடுகளுக்குள் வண்டியை வைத்திருக்க உதவும் லேன் அசிஸ்ட் கடைசி வாரத்துக்கு. கோடு அழிந்த சாலையில் அது சத்தமில்லாமல் கைவிட்டுவிடும்.