தோற்ற நாளிலும் பசிக்கும்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, பெற்றோர்களே, காலையிலிருந்து வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகளின் உணவைப் பற்றிப் பேச எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் மருத்துவனும் அல்ல, விளையாட்டு வீரனும் அல்ல. ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தந்தை என்ற தகுதியில் மட்டுமே பேசுகிறேன்.

சென்ற ஆண்டு விளையாட்டு விழாவுக்கு முந்தைய இரவு, நானூறு மீட்டர் ஓட்டத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாக அவளுக்கு வாக்களித்தேன். அவள் ஐந்தாவதாக வந்தாள். அன்றிரவு சாப்பிட அழைத்தபோது, "நான்தான் ஒண்ணுமே ஜெயிக்கலையேப்பா, எனக்கு எதுக்கு?" என்று கேட்டாள். ஐஸ்கிரீமைச் சொல்லவில்லை, அன்றாட இரவு உணவையே சொன்னாள். ஒரே ஒரு பண்டத்தைப் பரிசாக வைத்ததாக நான் நினைத்திருக்க, வென்றவர்களுக்குத்தான் உணவு என்று அவள் புரிந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய உடலுக்கோ இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதி கிளைகோஜன் என்ற வடிவில், வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 400 கிராம் தசைகளிலும் 100 கிராம் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்படுகிறது; சிறுவர்களிடம் இந்த இருப்பு இன்னும் குறைவு. ஓட ஓட அது கரைகிறது, கரைந்ததை மீண்டும் நிரப்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகலாம், அதுவும் உணவு கிடைத்தால்தான். முதலில் வந்த பிள்ளைக்கும் ஐந்தாவதாக வந்த பிள்ளைக்கும் கால்கள் ஒரே மாதிரிதான் காலியாகின்றன. கடைசியாக வந்தவரின் தொடைத் தசை, தான் கடைசி என்பதை அறியாது.

இன்று காலை மைதானத்தின் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தபோது, நூறு மீட்டர் ஓட்டத்துக்கு அழைப்பு வந்த பிறகு ஒரு பிள்ளையின் வாயில் சாக்லேட்டைத் திணித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்தேன். அந்தக் கை சென்ற ஆண்டு என்னுடையதாக இருந்தது என்பதால் குறையாகச் சொல்லவில்லை. குறுகிய ஓட்டத்தின் முதல் சில நொடிகளுக்கு வேண்டிய ஆற்றல் தசைக்குள் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. கடைசி நிமிடத்துச் சாக்லேட் பெற்றோரின் பதற்றத்தைத் தவிர வேறெதையும் தணிப்பதில்லை. வயிறு நிறையச் சாப்பிடுவதாக இருந்தால், அது போட்டிக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். செரிக்கும் வயிறும் ஓடும் கால்களும் ஒரே நேரத்தில் இரத்தத்தைக் கேட்டால் தடுமாறுவது பிள்ளைதான். தண்ணீரை மட்டும் நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடிக்கச் சொல்லுங்கள்.

உணவை எரிபொருளாகப் பாருங்கள் என்று சொல்லத்தான் என்னை அழைத்தார்கள்; ஆனால் அந்தச் சொல்லிலும் ஒரு குறை உண்டு. வாகனத்துக்கு ருசி தெரியாது, நமக்குத் தெரியும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதைவிட முக்கியமாக, "எவ்வளவு ஓடினாயோ அவ்வளவு சாப்பிடு" என்று பிள்ளையிடம் கணக்குப் பார்க்கத் தொடங்கினால், பழைய பரிசு முறையே வேறு சட்டை அணிந்து வீட்டுக்குள் வந்துவிடும். வளரும் பிள்ளையின் உடல் ஓட்டத்துக்கு மட்டும் செலவு செய்வதில்லை. எலும்பு நீள்வதற்கும், சிந்திப்பதற்கும், தூங்குவதற்கும்கூடச் செலவு செய்கிறது. ஓய்ந்திருக்கும் ஒருவரின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஓடாத நாளிலும் பசிக்கும், பசித்தால் உண்ணத்தான் வேண்டும்.

"காய்கறியை முடித்தால்தான் இனிப்பு" என்று நாம் சொல்லும்போது, காய்கறி தண்டனை என்றும் இனிப்பு விடுதலை என்றும் நாமே அறிவித்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் இப்போது சில நாட்களில் இனிப்பும் மற்ற உணவோடு சேர்ந்தே தட்டில் வருகிறது. முதல் வாரம் அதுதான் முதலில் காலியானது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு அதன் மேலிருந்த மோகம் மெல்லக் குறைந்தது. மதிப்பெண்ணுக்கும் பதக்கத்துக்கும் பாராட்டு வேண்டுமென்றால் கட்டியணைக்கலாம், புத்தகம் தரலாம், சேர்ந்து விளையாடலாம்.

இந்த ஆண்டு நான் எந்த வாக்குறுதியும் தரவில்லை. நேற்றிரவு அவளே கேட்டாள், "ஜெயிச்சா என்னப்பா?" என்று. "ஜெயிச்சாலும் தோத்தாலும் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு" என்றேன். சிரித்துவிட்டுத் தூங்கப் போனாள்.

நானூறு மீட்டர் ஓட்டத்துக்கு அழைக்கிறார்கள். அவள் மூன்றாம் தடத்தில் நிற்கிறாள். கைதட்ட நான் அங்கே இருக்க வேண்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.