பெயர் சூட்டு விழா வாழ்த்து

அன்புள்ள மீனாவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

குட்டிக்கு ஆயா பெயரையே வைக்கிறீர்கள் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. வள்ளியம்மை! கூப்பிடுவதற்கு எப்படியும் 'வள்ளி'தான் நிற்கும், பாருங்கள்.

மாமாவுக்கு முழங்கால் வலி, பெங்களூர் வரை பயணம் முடியாது. வருத்தம்தான். நேற்று பிள்ளையார்பட்டியில் குழந்தை பெயருக்கு அர்ச்சனை செய்தோம். திருநீறும், தூளி கட்ட ஆயாவின் பழைய கண்டாங்கிச் சேலையும் பார்சலில் வருகின்றன. அரக்குச் சிவப்பு, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்டது. பிள்ளை உடம்பில் உறுத்தாது. சீப்புச் சீடை பெரியவர்களுக்கு!

வள்ளிக்குட்டி நோய்நொடியில்லாமல் நூறாண்டு வாழட்டும். காதில் மூன்று முறை பெயர் சொல்லும்போது எங்களுக்காகவும் ஒரு முறை சொல்லிவிடு. அப்புறம், பொங்கலுக்குப் பிள்ளையோடு ஊருக்கு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
சாலா அத்தை, மாமா
காரைக்குடி