பொன்னியின் செல்வனுக்கு அப்புறம் எதைப் படிப்பது?

வணக்கம் ரேவதி,

ஐந்து பாகத்தையும் அரக்கோணம் ரயிலிலேயே முடித்துவிட்டீர்கள் என்றால் உங்களுக்குப் பொறுமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் அலுவலக நண்பர் கொடுத்த சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' ஐம்பதாம் பக்கத்தில் நின்றுபோனதற்கு நீங்கள் சங்கடப்பட வேண்டாம். அதில் கதை ஓடாது, யோசனைதான் ஓடும். போதாக்குறைக்கு 'சிவகாமியின் சபதம்' படித்து உருகியவர்களைக் கிள்ளிவிடுகிற இடம் ஒன்றும் உண்டு. நல்ல நாவல்தான், ஆனால் கல்கியை மூடிவைத்த கையோடு எடுக்க வேண்டியது இல்லை. அலமாரியில் இருக்கட்டும்.

நீங்கள் ராஜா ராணி கதை கேட்கவில்லை. 'அடுத்து என்ன ஆகும் என்று இழுக்க வேண்டும், ஏறி உட்கார்ந்ததும் விட்ட இடம் பிடிபட வேண்டும், நீளப் பட்டியல் வேண்டாம்' என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் மனதில் வைத்து நான்கு சொல்கிறேன். படிக்க வேண்டிய வரிசையும் இதுதான்.

முதலில் பூமணியின் 'வெக்கை'. காரணம் ஒன்றுதான்: முதல் பக்கத்திலேயே கொலை நடந்து முடிந்துவிடுகிறது, அப்புறம் புத்தகத்தைக் கீழே வைக்க மனசு வராது. சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. அண்ணனைக் கொன்ற ஆளின் கையை மட்டும் வெட்டுவதாகத்தான் நினைத்துப் போகிறான், ஆள் செத்துப்போகிறான். பிறகு அய்யாவும் பிள்ளையும் காட்டிலும் மலையிலும் பதுங்கித் திரிவதுதான் கதை. 'அசுரன்' பார்த்துவிட்டேனே என்பீர்கள். பரவாயில்லை, படம் தகப்பனுடையது, நாவல் பையனுடையது. படத்தில் இல்லாத ஒன்று இதில் உண்டு: ஓடிக்கொண்டே இருக்கிறவர்கள் எதைத் தின்றார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள், ராத்திரி எங்கே படுத்தார்கள் என்பதைப் பூமணி ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு போவார். கோபம் எல்லாம் அடங்கி, அப்பனும் மகனும் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற பகுதிகள்தான் எனக்குச் சண்டையைவிடப் பிடித்தவை. கரிசல் பேச்சு முதல் பத்துப் பக்கம் உங்களைச் சற்று நிறுத்தும், பிறகு காதில் விழ ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது, அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சின்னப் புத்தகம், போக வர இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். இதைச் சொல்வதற்குக் காரணம், பெரிய சம்பவமே இல்லாமலும் ஒரு நாவல் இழுக்கும் என்று இதைப் படித்தால்தான் நம்புவீர்கள். சினிமா ஆசையில் சீரழிந்த ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்து வீட்டு டீச்சரம்மா, எல்லாருக்கும் மேலே சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம். எழுபதுகளில் வந்தது. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருடம் குடத்தோடு நின்றவர்களுக்கு இதில் எதுவும் பழங்கதையாகத் தெரியாது. அடி பம்பு உள்ள வீட்டு வாசலில் குடத்தை வைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்காரி முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பேசுகிறார்களே, அங்கே அசோகமித்திரன் குரலை உயர்த்துவதே இல்லை. நமக்குத்தான் கூசும். ஒரு எச்சரிக்கை: மனசு சரியில்லாத வாரத்தில் எடுக்க வேண்டாம். அழ வைக்காது, ஆனால் கனமாக உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', 1976இல் வெளிவந்தது. உங்களுக்கு மிகவும் பிடிக்கப்போவது இதுதான் என்பது என் ஊகம். காரணம், கல்கிக்குப் பிறகு உங்களுக்கு வேண்டியிருப்பது கதை சொல்லி ஒருவர்; கி.ரா.வைவிட அதற்குத் தோதான ஆள் எனக்குத் தெரியாது. ஆந்திரத்திலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதற்காகக் குடும்பம் குடும்பமாக ஓடிவந்து, தெற்கே காட்டைத் தீ வைத்து அழித்து ஊர் உண்டாக்கிய நாயக்கர்மார்களின் கதை. அதைச் சொல்கிறவள் மங்கத்தாயாரு அம்மாள் என்ற பூட்டி; வயது நூற்று முப்பத்தேழு! நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கக்கூட இடம் கொடுக்காமல் சொல்லிக்கொண்டே போவாள். ஆரம்பத்தில் தனியாக வரும் ஒரு கர்ப்பிணியை, காதில் கிடக்கும் நகைக்காகக் கள்ளன் ஒருவன் தண்ணீருக்குள் அமுக்குகிறான். அவள் அவன் கால் பெருவிரலைக் கடித்துக்கொண்டே சாகிறாள். பிடி விடவில்லை, ஆள் மாட்டிக்கொள்கிறான். அவனை ஊர் என்ன செய்கிறது என்பதைப் படித்தால், வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வந்த அந்தத் தொடக்கம் எவ்வளவு சொகுசானது என்று தோன்றும். அப்புறம் ஒன்று: கதாநாயகன் என்று யாரும் இல்லை, ஊர்தான் எல்லாம். 'ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்' என்பது போல ஒரு முடிச்சை இறுதிவரை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இந்த நாவல் பிடித்துவிட்டால் இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' இருக்கிறது. 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. என் கணக்கில் முதலாவதுதான் ஒரு படி மேல்.

நான்காவதை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், மூன்றையும் முடித்த பிறகு போதும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. ஆள் சிங்கம்புணரிக்காரர், பதினெட்டு வயதில் இந்தோனேசியாவின் மேடான் நகரத்துக்கு வேலைக்குப் போனவர், பிறகு மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தவர்; எழுதியதே இரண்டு நாவல்தான். ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைகிற இடத்தில் கதை தொடங்கும். பாண்டியன் என்ற இளைஞன், இந்திய தேசிய ராணுவம், துப்பாக்கி, கடல், பினாங்கு சாராயக்கடைப் பேச்சு என்று வந்தியத்தேவன் செய்த சாகசம் எல்லாம் இதிலும் உண்டு. ஆனால் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் சாகசம் இல்லை. சோழர் பெருமையில் ஐந்து பாகம் நனைந்து வந்திருக்கிறீர்கள். தமிழர்கள் தங்கள் பழம்பெருமையைப் பேசிப் பேசி மயங்குவதை இவ்வளவு குறும்பாகக் கேலி செய்த நாவல் வேறு நான் படித்ததில்லை. கோபம் வந்தாலும் வரும், அதுவும் நல்லதுதான். மலாய், சீனம், டச்சு என்று தெரியாத சொற்கள் வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் நின்று அர்த்தம் தேட வேண்டாம், தாண்டிப் போங்கள். மேடானில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களைப் பாண்டியன் நினைத்துக்கொள்கிற பக்கங்கள் வரும்போது மட்டும் வேகத்தைக் குறையுங்கள். அந்தப் பக்கங்களை ரயிலில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தி. ஜானகிராமனைச் சொல்லவில்லையே என்று இங்கே யாராவது என்னோடு சண்டைக்கு வருவார்கள். 'மோகமுள்' உங்கள் ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒத்துவராது, அதனால்தான் விட்டேன்.

கடைசியாகக் கேட்டிருந்தீர்களே, கல்கியே இன்னொன்று படிக்கலாமா என்று. தாராளமாக. 'சிவகாமியின் சபதம்' எடுங்கள். 'பார்த்திபன் கனவு' சின்னதுதான், ஆனால் அதில் மாறுவேடத்தில் வருகிறவர் யார் என்பதை உங்களைப் போன்றவர் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். உங்கள் பையன் படிக்கட்டும், அந்த வயதுக்கு அது சரியாக இருக்கும்.