கடல்நீரில் உப்பின் அளவு: ஆய்வக அறிக்கை

நோக்கம்: மண்டபத்தின் வடகரை (பாக் விரிகுடா), தென்கரை (மன்னார் வளைகுடா) இரண்டில் எந்த நீரில் உப்பு அதிகம் என்று அறிதல்.

செய்முறை: ஒரே காலையில் எடுத்த நீரை வடிகட்டி, தலா 100 மி.லி. பீங்கான் கிண்ணத்தில் வற்றும்வரை சூடாக்கி, ஆறியதும் எடை போட்டோம்.

முடிவு: வடகரை 3.4 கிராம், தென்கரை 3.6 கிராம்.

பிழைகள்: தென்கரையில்தான் அதிகம் என்று எழுத ஆசைதான், எழுத முடியாது. தராசு 0.1 கிராம் வரைதான் காட்டும். அப்புறம், வடகரை நீர் வற்றும்போது படபடவென்று பொரிந்து மேசையில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெறித்தது. அந்த உப்பு கணக்கில் இல்லை. தென்கரை உப்போ எடை போடுவதற்குள் கசிந்து பளபளத்தது. அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். இரண்டு பிழையுமே வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுபவை. அதோடு, ஒரே ஒரு முறைதான் செய்தோம். அடுத்து மெல்லிய தீயில் மூன்று முறை செய்வோம்.