பாட்டிக்கு, 82-ஆம் பிறந்தநாளன்று

பாட்டிக்கு வணக்கம்.

இன்று உங்களுக்கு 82 வயது நிறைகிறது. பிறந்தநாள் வாழ்த்துகள். நடுவில் 'க்' போடவில்லை, கவனித்திருப்பீர்கள்.

போன வருடம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எல்லோருக்கும் முந்திக்கொண்டு காலை ஆறு மணிக்கே வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினேன். ஒரு ரோஜா, இரண்டு புறா, நடுவில் மின்னுகிற எழுத்தில் நாலு வரி. யாரோ யாருக்கோ செய்தது. எனக்கு வந்ததை அப்படியே உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "படம் கிடைத்தது. நீ எப்போது எழுதுவாய்?" அதற்கு அன்று என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒரு வருடம் தாமதமாக இப்போது எழுதுகிறேன். பேனாவால்தான். கண் அறுவைக்குப் பிறகு சின்ன எழுத்து சிரமம் என்று அத்தை சொன்னதால் பெரிதாக, ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதியிருக்கிறேன். இத்தனை தாள் ஆனது அதனால்தான். விஷயம் அவ்வளவு இல்லை, பயப்பட வேண்டாம்.

இது மூன்றாவது தடவை எழுதுவது. முதலில் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று தொடங்கினேன். எழுதி முடிப்பதற்குள் "வயதில்லை என்றால் சும்மா இரேன்" என்று உங்கள் குரல் காதில் விழுந்தது. கிழித்துவிட்டேன். எனக்கு 34 வயதாகிறது பாட்டி, வாழ்த்தவும் வயது வந்துவிட்டது. வணங்கவும் செய்கிறேன். இரண்டையும் ஒரே கடிதத்தில் செய்யக்கூடாது என்று ஏதும் இல்லையே?

இரண்டாவது தாளில் "பாசமே உருவான" என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தைக்குப் போக முடியாமல் நின்றேன். நீங்கள் பாசமே உருவானவர் என்று எழுதினால் நம் வீட்டில் ஒருவர்கூட நம்ப மாட்டார்கள். நீங்களே நம்ப மாட்டீர்கள். இதைப் படிக்கும்போது சிரிக்கிறீர்களா, கண்ணாடியைக் கழற்றி வைக்கிறீர்களா என்று தெரியவில்லை. சிரிப்பு என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

'கண்டிப்பு' என்ற சொல்லை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "வேண்டாம்டா, அக்கறைன்னு போட்டுடு" என்றார். 61 வயதில் அவருக்கு இன்னும் உங்களிடம் பயம். எனக்கும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் 'அக்கறை' என்று போட்டால், நைலானைப் பட்டு என்று சொல்லி விற்கிற கதையாகிவிடும். அப்படி விற்பவர்களை நீங்கள் வாசலோடு அனுப்பிவிடுவீர்கள். அதனால் கண்டிப்பு என்றே எழுதுகிறேன். நீங்கள் கண்டிப்பான பாட்டி. என் நண்பர்களுடைய பாட்டிகள் மடியில் உட்காரவைத்துக் கதை சொல்வார்களாம். நீங்கள் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, "முதுகை நிமிர்த்தி உட்கார்" என்பீர்கள்.

அந்த முக்காலியில் நடந்த ஒரு மத்தியானத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ.

எனக்கு அப்போது 11 வயது. லீவுக்கு உங்கள் வீட்டில் இருந்தேன். சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் அறுந்துவிட்டது. சட்டையையும் பட்டனையும் உங்கள் மிஷின்மேல் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. கூட நூல் கோத்த ஊசி, ஒரு தீக்குச்சி. "உட்கார்" என்றீர்கள்.

தீக்குச்சி எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அதை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, தெரிந்த மாதிரி இறுக்கி இறுக்கித் தைத்தேன். கொண்டுவந்து காட்டினேன். நீங்கள் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. சட்டையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தீர்கள். அப்புறம் பட்டனைக் காஜாவில் மாட்டிக் காட்டினீர்கள். துணி சுருங்கி, பட்டன் கோணிக்கொண்டு நின்றது. "பிரி."

பிரித்தேன். அதன் பிறகுதான் சொல்லிக்கொடுத்தீர்கள். பட்டனுக்கு மேலே தீக்குச்சியைக் குறுக்காக வைத்து, நூலை அதன்மேல் ஓட்டித் தைக்க வேண்டும். முடிந்ததும் குச்சியை உருவினால் நூல் தளர்ந்து கொடுக்கும். பட்டனைத் தூக்கிப் பிடித்து, அதற்கும் துணிக்கும் நடுவில் தெரிகிற நூலை நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றி, ஊசியைப் பின்பக்கம் இறக்கி முடிச்சுப் போட வேண்டும். அந்தச் சின்னக் கழுத்தில்தான் காஜாவின் துணி வந்து உட்காரும். இத்தனையையும் ஒரே ஒருமுறை, வேறு துணியில் செய்து காட்டினீர்கள். என் சட்டையைத் தொடவில்லை.

இரண்டாம் தடவை முடிச்சு முன்பக்கம் வந்துவிட்டது. "பிரி." மூக்கு உறிஞ்சிக்கொண்டே பிரித்தேன். நீங்கள் பார்க்காத மாதிரி பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தீர்கள்.

மூன்றாம் தடவை உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, விரலால் தடவி, "ம்" என்றீர்கள். அவ்வளவுதான். அந்த 'ம்'மை ஒரு வாரம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கு அலுவலகத்தில் பெரியவர்கள் "பிரமாதம்" என்கிறார்கள், சாயங்காலத்துக்குள் மறந்துபோகிறது.

இன்னொன்றும் அன்று நடந்தது. அதுவரை உங்களை 'நீ' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு தடவையும் "பாட்டி, பாரு" என்று நீட்டினேன். மூன்றாம் தடவை வாயில் "பாருங்க" என்று வந்தது. நீங்கள் சொல்லித்தரவில்லை. அதற்குப் பிறகு மாறவும் இல்லை.

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால், கத்தரிக்கோல் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். துணி வெட்டுகிற கத்தரியில் யாரோ காகிதம் வெட்டிவிட்டார்கள். முனை மழுங்கிவிட்டது. நீங்கள் என்னைத்தான் பார்த்தீர்கள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வெட்டியது நான் இல்லை பாட்டி. அந்த நேரம் நான் அவரோடு வெளியே போயிருந்தேன் என்று அத்தை உங்களிடம் சொன்னதும், நீங்கள் எதுவும் சொல்லாமல் உள்ளே போனதும் எனக்குத் தெரியும், கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். மறுநாள் காலை என் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரி இருந்தது. விரல் நுழைக்கிற வளையம் எனக்குப் பெரிதாக இருக்கும் என்று, நீலத் துணியைப் பட்டையாகக் கிழித்து இரண்டு வளையத்திலும் சுற்றித் தைத்திருந்தீர்கள். தையல் எங்கே முடிகிறது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. 23 வருடமாக என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதில் காகிதம் வெட்டியதில்லை.

அன்று காகிதம் வெட்டியது யார் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தை உங்களுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பதே அவனாக இருக்கலாம். குரல் கொஞ்சம் தடுமாறுகிறதா என்று பாருங்கள்.

மகளுக்கு ஆறு வயதாகிவிட்டது. போன வாரம் ஒரு பக்கம் எழுதிக்கொண்டுவந்து நீட்டினாள். கோணல்மாணலாக இருந்தது. "அழிச்சிட்டு மறுபடி எழுது" என்றேன். சமையலறையிலிருந்து "பாட்டி வந்துட்டாங்களா?" என்று குரல் வந்தது. உங்கள் பேரன் மனைவி நீங்கள் நினைக்கிற அளவுக்கு அமைதியானவள் இல்லை. எழுதி முடித்ததும் நானும் உங்களைப் போலவே "ம்" என்றேன். அவளுக்கு அது போதவில்லை, "நல்லாருக்குன்னு சொல்லு" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். சொன்னேன். இந்த விஷயத்தில் மட்டும் உங்கள் வழியில் என்னால் போக முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மனிதருக்கு நன்றி சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. அதனால் அந்தச் சொல்லை எழுதாமல் விட்டிருக்கிறேன். எழுத நினைத்தேன் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியட்டும்.

"நூறாண்டு வாழ்க" என்று எழுதினால், "எண்ணிக்கையை நீ ஏன் குறைக்கிறாய்" என்றோ, "அதுவரை யார் என்னைப் பார்த்துக்கொள்வது" என்றோ கேட்பீர்கள். எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஊகிக்க முடியாததால் வேறு மாதிரி வாழ்த்துகிறேன். ஊசியில் நூல் முதல் தடவையிலேயே ஏறட்டும். முழங்கால் நீங்கள் சொன்னபடி கேட்கட்டும். இரவு ஒன்பது மணிக்குமேல் யாரும் உங்களுக்குப் போன் செய்யாமல் இருக்கட்டும். வருகிறேன் என்றவர்கள் சொன்ன நேரத்துக்கு வரட்டும், நான் உட்பட. உங்கள் கத்தரி எப்போதும் கூர்மையாக இருக்கட்டும். உங்கள் வாய்க்கு அந்த வாழ்த்து தேவையில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். பத்து என்றால் பத்து. பரிசு என்று எதையும் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள், சரி. என் பழைய சட்டை ஒன்றை மட்டும் கொண்டுவருகிறேன். போன மாதம் பட்டன் அறுந்து, நானே தைத்தேன். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு எழுத்தானாலும் சரி.

காலைத் தொட்டு வணங்கும்
உங்கள் பேரன்

பி.கு.: கடைசித் தாளின் அடியில் பென்சிலில் 'பெரிய பாட்டி' என்று எழுதியிருப்பது மகள். 'ட்'டுக்குப் புள்ளி வைக்கவில்லை. நான் பார்த்தேன், திருத்தவில்லை. சனிக்கிழமை முக்காலியை எடுத்து வையுங்கள்.