கம்பெனி ப்ரொபைலும் முக்கிய ஆளுங்க விவரமும்: ஆயர் ஈத்தாம் கோயில் பின்பக்க தடுப்புச் சுவர், லொங்காங் வேலை

கோயில் நிர்வாகத்துல உள்ள எல்லாருக்கும் வணக்கம். டெண்டர் பாரத்துல கேட்ட விவரங்கள இதுல எழுதியிருக்கோம்.

எங்க கம்பெனி 2011ல புக்கிட் மெர்தாஜாம்ல ஆரம்பிச்சது, எஸ்எஸ்எம் பதிவு இருக்கு, சிஐடிபில ஜி3, சிஇ21 பிரிவு, அதாவது 10 லட்சம் வெள்ளி வரைக்கும் உள்ள சிவில் வேலைய எடுக்கலாம், எங்க விலை 6,40,000 வெள்ளிதான், அதனால கிரேடுல பிரச்சனை இல்ல. நிரந்தரமா 14 பேர், சொந்தமா ஒரு சின்ன எக்ஸ்கவேட்டர், ஒரு லாரி. பெரிய மெஷின் உங்க சந்துக்குள்ள நுழையாது, சைட் விசிட் அன்னிக்கே அளந்து பாத்துட்டோம்.

செஞ்ச வேலைகள்ல இதுக்கு ரொம்ப கிட்ட வர்றது பாலேக் பூலாவ்ல 38 மீட்டர் நீளத்துக்கு கட்டுன ஆர்சி சுவர், 2021ல முடிச்சோம். அதுக்கு முன்னாடி 2016ல ஒரு வீட்டுக்கு கட்டுன சுவர்ல மண்ண தடுத்து தண்ணிய மட்டும் விடுற ஜியோடெக்ஸ்டைல் துணிய சரியா சுத்தாம விட்டதால, தண்ணி வெளிய போக சுவர்ல விடுற வீப் ஹோல் எல்லாம் மண்ணு அடைச்சிருச்சு, சுவருக்குப் பின்னாடி தண்ணி தேங்கி விரிசல் விட்டுச்சு, எங்க சொந்த காசுல தோண்டி திரும்ப செஞ்சு கொடுத்தோம். மலைச்சரிவுல சுவர தள்ளுறது மண்ணு மட்டும் இல்ல, தண்ணியும்தான். அதுல இருந்து பின்பக்க கல்லு, துணி, குழாய் மூணையும் போட்டோ எடுக்காம நாங்க மண்ண மூடுறதே இல்ல.

பொறுப்பான ஆளுங்க:

ப்ராஜெக்ட் மேனேஜர் நான்தான். சிவில் டிகிரி, 17 வருஷ அனுபவம், இன்ஜினியர்கள் வாரியமான பிஇஎம்ல கிராஜுவேட் இன்ஜினியரா பதிஞ்சிருக்கேன், அதனால ட்ராயிங்ல கையெழுத்துப் போட எனக்கு உரிமை கிடையாது. சுவர் டிசைன் உங்க கன்சல்டன்ட்டோடது. தோண்டும்போது போடுற தற்காலிக முட்டுக்கு நாங்க தனியா ப்ராக்டிசிங் சர்ட்டிபிகேட் உள்ள ப்ரொபஷனல் இன்ஜினியர் ஒருத்தர வச்சிருக்கோம், அவர் கையெழுத்து போட்டாதான் தோண்டுவோம்.

சைட் சூப்பர்வைசர் டிப்ளோமா முடிச்சவங்க, 9 வருஷமா எங்ககூட இருக்காங்க, வேலை முடியுற வரைக்கும் வேற சைட்டுக்கு அனுப்ப மாட்டோம். கான்கிரீட் கியூப் டெஸ்ட் 7வது நாள், 28வது நாள் ரிசல்ட் ரெண்டையும் உங்க செயலாளர்கிட்ட நேரா கொடுக்குறது அவங்கதான். சேஃப்டிக்கு ஒரு சைட் சேஃப்டி சூப்பர்வைசர். ஃபோர்மன் 22 வருஷமா சுவர் வேலை மட்டுமே செஞ்சவரு. சைட்டுக்கு வர்ற எல்லாருகிட்டயும் சிஐடிபி கிரீன் கார்டு இருக்கும்.

சரிவ ஒரே நாள்ல முழுசா வெட்ட மாட்டோம், 4 மீட்டர் 4 மீட்டரா வெட்டி, ஒரு பகுதி சுவர் எழும்புன பிறகுதான் அடுத்தது. நேரம் ஆகும்தான், ஆனா பினாங்குல செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் பெய்யுற மழைய பாத்தவங்களுக்கு காரணம் புரியும், அதனாலதான் பிப்ரவரி கடைசியில தொடங்கி ஆகஸ்டுக்குள்ள முடிக்கிற மாதிரி அட்டவணை போட்டிருக்கோம். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் விசேஷ நாள்லயும் மெஷின் ஓடாது.

வேலை முடிஞ்ச பிறகு குறை வந்தா நாங்களே சரிபண்ணிக் கொடுக்குற டிஃபெக்ட் லயபிலிட்டி 12 மாசம். அந்த 12 மாசத்துல வர்ற மழைக்காலத்துல நாங்களே வந்து வீப் ஹோல்ல தண்ணி வருதான்னு பாப்போம், நீங்க கூப்பிடணும்னு இல்ல. எல்லாரோட பேரு, ஐசி, சர்ட்டிபிகேட் நகல், மூணு வருஷ கணக்கு எல்லாம் தனி கவர்ல வச்சிருக்கோம்.