ரவுண்டர்ஸ் தொடங்க முதல் பெற்றோருக்குச் சில வார்த்தை

அன்பான பெற்றோரே, அம்மம்மா அம்மப்பாமாரே, வணக்கம்.

ஹரோவில் நடக்கும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் இல்ல விளையாட்டுப் போட்டியில், அடுத்ததாக ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் ரவுண்டர்ஸ். பாரதி இல்லமும் வள்ளுவர் இல்லமும் மோதுகின்றன. பிள்ளைகள் இந்த ஆட்டத்தை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலேயே பழகிவிட்டார்கள். நாங்கள்தான் கிரிக்கெட் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, பலகையில் இரண்டரை, மூன்றரை என்று எழுதுவதைப் பார்த்து முழிக்கிறோம். அதனால் ஐந்து நிமிடம் தாருங்கள்.

மைதானத்தில் நான்கு கம்பங்கள் நிற்கின்றன. பிள்ளைகள் சொல்வதுபோல நானும் போஸ்ட் என்றே சொல்கிறேன். மட்டை பிடிப்பவர் பந்தை அடித்துவிட்டு, இந்தப் போஸ்ட்டுகளுக்கு வெளிப்பக்கமாக ஓடி நான்காவது போஸ்ட்டைத் தொட வேண்டும். அடுத்த பந்து வீசப்படுவதற்குள் தொட்டுவிட்டால் ஒரு ரவுண்டர். இரண்டாவது போஸ்ட்டோடு நின்றுவிட்டால் அரை. முதலாவதில் நின்றால் ஒன்றுமில்லை.

'அடுத்த பந்து வீசப்படுவதற்குள்' என்பதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் எந்தப் பந்தில் ஓடினாலும் ஓட்டம் ஓட்டம்தான். இங்கே உங்கள் பந்தின் கணக்கு அடுத்த பந்தோடு மூடப்படும். ஒரு பிள்ளை அடித்துவிட்டு இரண்டாவது போஸ்ட்டில் நிற்கிறாள் என்று வையுங்கள்: அரை. அடுத்தவன் அடிக்கும்போது அவள் மிச்ச தூரத்தை ஓடி நான்காவதைத் தொடுகிறாள். அதற்குப் புள்ளி இல்லை. ஆனால் அவள் ஆட்டமிழக்காமல் வந்து சேர்ந்ததால் திரும்பவும் வரிசையில் நின்று மட்டை பிடிக்கலாம். அவள் பின்னாலேயே அடித்தவனும் ஒரே ஓட்டமாக நான்காவதைத் தொட்டால் அவனுக்கு ஒன்று. ஆக மொத்தம் ஒன்றரை. போன வருடம் ஒரு அப்பா, "என்ர மகன் முழுக்கச் சுத்தி வந்தவன், ஏன் எழுதேல்லை?" என்று புள்ளி மேசைக்கே வந்துவிட்டார். மகன் முதலாவது போஸ்ட்டில் இரண்டு பந்து நின்றுவிட்டுத்தான் சுற்றி வந்தவன்.

பந்து மட்டையில் படாவிட்டாலும் இங்கே நின்று பார்க்க முடியாது, முதலாவது போஸ்ட்டுக்கு ஓடத்தான் வேண்டும். அப்படி, அடிக்காமலே நான்காவது வரை போய்ச் சேர்ந்தால் அரை ரவுண்டர். இது அபூர்வம், நடந்தால் கட்டாயம் கைதட்டுங்கள்.

சில அரைகள் ஓடாமலே வரும். ஒரே ஆளுக்குத் தொடர்ந்து இரண்டு நோ-பால் போட்டால் மட்டை பிடிக்கும் அணிக்கு அரை. தலைக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே, ஆளை நோக்கி, எட்டாத தூரத்தில், நிலத்தில் குத்தி வருவதெல்லாம் நோ-பால். ஓடுபவரின் வழியைக் களத்தில் நிற்பவர் மறித்தாலும் ஓடும் அணிக்கு அரை. மட்டை பிடிக்கக் காத்திருப்பவர் பந்தெடுப்பவரை மறித்தால் அந்த அரை எதிரணிக்குப் போகும்.

இனி, உங்களிடம் கேட்க வந்த விஷயம். இரண்டாவது போஸ்ட்டில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து "ஓடு, ஓடு" என்று கத்தாதீர்கள். அதே பந்தில் அவர் நான்காவதை நோக்கி ஓடி, நடுவில் எதிரணியார் பந்தோடு அவர் போக வேண்டிய போஸ்ட்டைத் தொட்டுவிட்டால், அவர் ஆட்டமிழப்பது மட்டுமில்லை, கையில் இருந்த அரையும் போய்விடும். நிற்பதா ஓடுவதா என்று முடிவு எடுப்பதுதான் இந்த ஆட்டத்தின் ருசியே. அதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். அவர்களின் கணக்கு எங்களுடையதைவிடத் திறமாக இருக்கும்.

இன்று ஒவ்வொரு அணியிலும் 9 பேர். அணிக்கு இரண்டு இன்னிங்ஸ், ஒரு இன்னிங்ஸுக்கு 30 நல்ல பந்துகள். நோ-பால் அந்த 30-இல் சேராது. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து யாருக்கு ரவுண்டர் கூடவோ அவர்களுக்கு வெற்றி. அரை வித்தியாசமும் வெற்றிதான். சந்தேகம் இருந்தால் புள்ளி மேசையில் இருக்கும் பழைய மாணவர்களிடம் இன்னிங்ஸ் முடிந்த பிறகு கேளுங்கள். நடுவில் வேண்டாம், அவர்கள் எண்ணிக்கொண்டு இருப்பார்கள்.

கடைசியாக, நான்காவது போஸ்ட் பக்கம் கதிரை போட்டிருப்பவர்கள் தயவுசெய்து வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் வாருங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் முழு வேகத்தில் வருவார்கள். தேநீரும் வடையும் முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் கிடைக்கும். பாரதி இல்லம் மட்டை, வள்ளுவர் இல்லம் களம். நடுவர் அவர்களே, தொடங்கலாம்.